‘கோட்’ என்றால் மேலங்கியா, ஆடா? பிள்ளையின் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு அம்மா உதவும் வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண் கையில் ஒரு நோட்டோடு வந்து வாசலில் நின்றார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

“டீச்சர், கொஞ்சம் நேரம் இருக்குமா? தம்பிக்கு அடுத்த வாரம் புதன்கிழமை இங்கிலீஷ்ல பேசுற பரீட்சை. தெனமும் ராத்திரி நான்தான் உக்காந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஆனா நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். தப்பா சொல்லிக் கொடுத்து, அது அவன் வாயிலேயே நின்னுடுமோன்னு பயமா இருக்கு.”

நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தத் தேர்வைப் பல வருடங்கள் நடத்தியும் இருக்கிறேன். இதே பயத்தோடு எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அது நியாயமான பயம்தான். ஆனால், அதிலிருந்து வெளியே வர அம்மா ஆங்கிலம் படித்து முடிக்க வேண்டியதில்லை. வீட்டில் அவர் செய்ய வேண்டிய வேலை எது, செய்யக் கூடாத வேலை எது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றுச்சூழல் மாசு பற்றி ஆங்கிலக் கட்டுரை. ஏதோ ஒரு கைடில் இருந்து எடுத்தது. ஒவ்வொரு ஆங்கில வார்த்தையின் தலைக்கு மேலும் பென்சிலில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தார். எழுத்து அத்தனை அழகு. எவ்வளவு நேரம் செலவழித்திருப்பார் என்று நினைத்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று கட்டுரை. இன்னொன்று அந்தப் பென்சில் எழுத்து.

முதலில், இந்தத் தேர்வில் எதைப் பார்க்கிறார்கள்?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இதை ஏ.எஸ்.எல். என்று சொல்வார்கள். பேசுவதையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் மதிப்பிடும் தேர்வு. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், பள்ளியே போடும் அக மதிப்பெண் 20. அந்த 20-க்குள் 5 மதிப்பெண் பகுதி ஒன்றில்தான் இந்தப் பேச்சும் கேட்டலும் வருகின்றன. பள்ளிக்குப் பள்ளி நடத்தும் முறை கொஞ்சம் மாறும். பொதுவாக, மாணவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பிறகு, கொடுத்த தலைப்பில் சிறிது நேரம் பேச வேண்டும். அதன்பின் ஆசிரியரோடோ, இன்னொரு மாணவரோடோ அதைப் பற்றி உரையாட வேண்டும்.

பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது நான்கு விஷயங்களைப் பார்ப்போம். எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, தலைப்பை விட்டு விலகாமல், முறை வைத்துப் பேசுகிறாரா? தடுமாறாமல், ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ச்சியாகப் போகிறாரா? உச்சரிப்பு புரிகிறதா? இலக்கணமும் சொற்களும் பொருத்தமாக இருக்கின்றனவா? இவ்வளவுதான்.

இதை விளக்கியதும் அவர் கேட்டார். “அப்போ உச்சரிப்பு நாலுல ஒண்ணுதானா டீச்சர்? நான் அதை மட்டும்தானே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன்!”

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். நமக்கு எது பயமோ அதையே பிள்ளைக்கும் பாடமாக ஆக்கிவிடுகிறோம். உச்சரிப்பிலும்கூட எதிர்பார்ப்பது தெளிவைத்தான். லண்டன்காரர் மாதிரி பேச வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளை தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசுவது குறை அல்ல. ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையாகக் கேட்டுவிட்டால்தான் குறை.

தலைக்கு மேல் தமிழ் எழுத்து வேண்டாம்

ஒரு வெள்ளைத்தாளில் ‘கோட்’ என்று தமிழில் எழுதி அவரிடம் காட்டினேன். “இது என்ன?”

“கோட்டு. மாப்பிள்ளை போடுறது. போன மாசம்கூட ஒண்ணு ஆல்டர் பண்ணினேனே.”

“ஆடும் இதேதான்மா.”

குளிருக்குப் போடும் கோட், சி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். ஆட்டைக் குறிக்கும் சொல் ஜி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு ஓசை. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘கோட்’தான். அதேபோல் பன்றியும் ‘பிக்’, பெரியது என்பதும் ‘பிக்’. முதுகும் ‘பேக்’, தோளில் மாட்டும் பையும் ‘பேக்’.

இது தமிழின் குறை இல்லை. தமிழில் ‘க’ சொல்லின் முதலில் வந்தால் வல்லோசை, நடுவில் தனியாக வந்தால் மெல்லிய ஓசை. எங்கே வருகிறது என்பதை வைத்தே நம் வாய்க்கு ஓசை தெரிந்துவிடும். அதனால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அந்த ஓசை வித்தியாசமே அர்த்தத்தை மாற்றிவிடும். தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தால், பிள்ளை அதைத் தமிழ் மாதிரியே வாசிப்பான். ஓசை எங்கே தொலைந்தது என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

இந்தக் கட்டுரையிலேயே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். இங்கே எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்று அடையாளம் காட்டத்தான் அது. ஓசையைக் காதால்தான் கற்க வேண்டும்.

அதற்கு போனிலேயே வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இலவசமாகவே இணையத்தில் இருக்கின்றன. சொல்லைத் தட்டினால் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் படங்கள் வரும். ஒன்று பிரிட்டிஷ் உச்சரிப்பு, இன்னொன்று அமெரிக்க உச்சரிப்பு. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கம் அதிகம் என்பதால் அதையே கேட்கச் சொல்வேன். மூன்று முறை கேட்க வேண்டும். நான்காவது முறை பிள்ளை சொல்லி, அதை போனில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. அம்மா சொல்லிக்காட்ட வேண்டியதே இல்லை.

எல்லா வார்த்தைக்கும் இப்படிச் செய்ய முடியாது. பிள்ளை பேசப்போகும் பேச்சில், அவனுக்கே சந்தேகமாக இருக்கும் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

சரியானதைத் தவறாக்கிய கதை

பேச்சினூடே அவர் இன்னொன்றும் சொன்னார். “புதன்கிழமையை இவன் ‘வென்ஸ்டே’ன்னு அவசர அவசரமா சொல்றான் டீச்சர். ‘வெட்னஸ்டே’ன்னு நிறுத்திச் சொல்லுடான்னு பத்து தடவ சொல்ல வெச்சேன்.”

பையன் சொன்னதுதான் சரி. எழுத்தில் டி இருக்கிறது, பேச்சில் அது ஒலிப்பதில்லை. அம்மா எழுத்தைப் பார்த்துத் திருத்தினார். பையன் பள்ளியில் காதால் கேட்டதைச் சொன்னான். ‘வெஜிடபிள்’ என்பதை ‘டேபிள்’ சேர்த்துச் சொல்ல வைப்பதும், வாகனத்தைக் குறிக்கும் ‘வீயிக்கிள்’ என்ற சொல்லை ‘வெஹிக்கிள்’ என்று மாற்றுவதும் இதே வகைதான்.

இலக்கணத்திலும் இப்படி நடக்கும். பையன் “ஐ ஹேவ் எ சிஸ்டர்” என்று சொல்லியிருக்கிறான். அது சின்னதாக இருக்கிறதே என்று அம்மா “ஐ ஆம் ஹேவிங் எ சிஸ்டர்” என்று நீட்டிவிட்டார். நம் ஊரில் பலர் அப்படிப் பேசுவதால் அதுதான் மரியாதையான ஆங்கிலம் என்று தோன்றும். ஆனால் தங்கை இருக்கிறாள், வீடு இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் வெறும் ‘ஹேவ்’தான் சரி.

எனவே அவருக்கு ஒரு விதி சொன்னேன். தப்பு என்று தோன்றினால் உடனே திருத்தாதீர்கள். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதற்குப் பெயர் ‘சந்தேக நோட்டு’. உச்சரிப்புச் சந்தேகம் என்றால் அகராதியில் கேட்டு முடிவு செய்யுங்கள். இலக்கணச் சந்தேகம் என்றால் பையன் மறுநாள் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வரட்டும். உறுதியானது மட்டும்தான் திருத்தம். மற்றதெல்லாம் சந்தேகம்.

அம்மாவின் கௌரவம் இதில் குறைவதில்லை. “எனக்கும் தெரியல, பார்த்துச் சொல்றேன்” என்று அம்மா சொல்வதைக் கேட்கும் பிள்ளை, தேர்வில் தெரியாத கேள்வி வரும்போது பதறாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான்.

மனப்பாடக் கட்டுரை ஏன் காலை வாருகிறது?

மாசு பற்றிய கட்டுரையைப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைக் கூரைக்கு ஏற்றி, மூச்சு விடாமல் ஒப்பித்தான். முடித்ததும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘உங்கள் தெருவில் எந்த மாசு அதிகம்?’ பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தார்.

தேர்வு நடத்துபவருக்கு ஒப்பிப்பது முதல் இரண்டு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். குரல் ஒரே சுதியில் போகும். கமா, முற்றுப்புள்ளி எதற்கும் நிற்காது. நடுவில் ஒரு சொல் மறந்தால், மறுபடி முதல் வரிக்குப் போய்த்தான் வர முடியும். அப்போது நாங்கள் வேண்டுமென்றே குறுக்கே ஒரு கேள்வி கேட்போம். பிள்ளையை மடக்குவதற்காக இல்லை. அவன் உண்மையில் எவ்வளவு பேசுவான் என்று பார்ப்பதற்காக.

“வேற என்ன பேசுறது டீச்சர்?” என்றார் அம்மா.

பையனிடம் தமிழில் கேட்டேன். “நம்ம ஏரியால ஒரே ஒண்ணை மாத்தலாம்னா எதை மாத்துவே?”

யோசிக்கவே இல்லை. “பஸ் ஸ்டாப் ஆன்ட்டி. நிழலே கிடையாது. போன வாரம் பாட்டிக்கு அங்க நின்னு நின்னு தலை சுத்திடுச்சு. பக்கத்துக் கடைக்காரர்தான் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சார்.”

அதுதான் பேச்சு. இப்போது அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் அம்மாவின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

பத்து நாளில் என்ன செய்தார்கள்?

முதல் நாள், ஆங்கிலமே இல்லை. அம்மா தமிழில் கேள்வி கேட்டார். எப்போ நடந்தது? எவ்வளவு நேரம் நின்னீங்க? பாட்டி என்ன சொன்னாங்க? அங்க என்ன வந்தா நல்லா இருக்கும்? ஏன் இன்னும் வரல? பையன் சொன்ன பதில்களிலிருந்து நான்கு சொற்களை மட்டும் ஒரு சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டான். ‘நிழல்’, ‘பாட்டி’, ‘இருபது நிமிடம்’, ‘மரம்’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். அட்டையில் முழு வாக்கியம் எழுதக் கூடாது என்பது கண்டிஷன். வாக்கியம் எழுதினால் மறுபடி மனப்பாடம்தான்.

இரண்டாம் நாள், கடிகாரம். ஒரு நிமிடம் யோசிக்க, இரண்டு நிமிடம் பேச. பள்ளியில் எத்தனை நிமிடம் என்று கேட்டு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்தார். பையன் 38 விநாடி பேசினான். அதற்கு மேல் வரவில்லை. நடுவில் ஏழு இடத்தில் நீண்ட மௌனம்.

பேசும்போது அம்மா ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இது மிகக் கஷ்டமான விதி. பிள்ளை ஒரு சொல்லுக்குத் திணறும்போது எடுத்துக்கொடுக்க வாய் துறுதுறுக்கும். எடுத்துக்கொடுத்தால், அந்தச் சொல் இல்லாமல் வேறு விதமாகச் சொல்லும் பழக்கம் அவனுக்கு வராது. தேர்வு அறையில் அம்மா இருக்க மாட்டார்.

பேசி முடித்ததும் அம்மாவுக்கு ஒரே வேலை. தான் புரிந்துகொண்டதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். “பாட்டியோட பஸ் ஸ்டாப்புக்குப் போனீங்க, வெயில், பாட்டிக்கு முடியல. அப்புறம் மரம்னு என்னமோ சொன்னே, அது எனக்குப் புரியல.” பையன் நினைத்ததும் அம்மா சொன்னதும் ஒன்றாக இருந்தால் பேச்சு தெளிவு. எங்கே இடித்ததோ அங்கேதான் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறது. மரம் எப்படி வந்தது? ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டினார்கள், அதனால்தான் நிழல் போனது. அந்த ஒரு வாக்கியத்தை அவன் விட்டிருந்தான். ஆங்கிலத்தில் பெரிய ஞானம் இல்லாத அம்மாதான் இதைக் கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் இரண்டே முறை. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இரண்டே இரண்டு திருத்தம். எல்லாத் தப்பையும் ஒரே நாளில் சொன்னால், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்கும்போது தப்பைத்தான் யோசிப்பான், விஷயத்தை யோசிக்க மாட்டான்.

அந்தப் பேச்சில் திருத்த வேண்டியிருந்தது எது?

பதிவைக் கேட்டுவிட்டு இரண்டு விஷயங்களைத்தான் நான் எடுத்தேன்.

ஒன்று, சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘உ’. பஸ்ஸு, ரோடு, ஷாப்பு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், நம் வாய் தானாக ஒரு உகரத்தைச் சேர்த்துவிடும். இதற்கு ஒரு சின்னப் பயிற்சி போதும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, ‘ஷாப்’ என்று சொல்லி உதட்டை மூடியபடியே நிறுத்த வேண்டும். உதடு திறந்து குரல் வந்தால் ‘உ’ சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா எதிரில் இருந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, நடந்து முடிந்ததைச் சொல்லும்போது சொல்லின் கடைசியில் வரும் ஈ, டி என்ற இரண்டு எழுத்துகள். அவன் எல்லாவற்றையும் எழுத்தைப் பார்த்து ‘ஆஸ்க்கெட்’, ‘ஸ்டாப்பெட்’ என்று இழுத்தான். அந்த இரண்டு எழுத்துகள் தனி அசையாக ஒலிப்பது, மூலச்சொல் டி ஓசையிலோ, ட் என்று ஒலிக்கும் டீ எழுத்தின் ஓசையிலோ முடியும்போது மட்டும்தான். காத்திருந்தார் என்பது ‘வெயிட்டிட்’. அங்கே கடைசியில் ஒரு அசை கூடுகிறது. ஆனால் கேட்டார் என்பது ‘ஆஸ்க்ட்’, நின்றது என்பது ‘ஸ்டாப்ட்’. அசை கூடாது, ஒட்டிக்கொண்டே போகும். மூன்றையும் அகராதியில் கேட்க வைத்தேன். கையைத் தட்டி அசையை எண்ணச் சொன்னேன். ‘வெயிட்டிட்’ இரண்டு தட்டு, மற்ற இரண்டும் ஒவ்வொரு தட்டு. பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தங்கையும் வந்து தட்டினாள்.

மற்ற தப்புகள்? இருந்தன. விட்டுவிட்டேன். பத்து நாளில் இரண்டு பழக்கம் மாறினாலே பெரிய விஷயம்.

உரையாடலைத் தமிழிலேயே பழகலாம்

ஜோடியாகப் பேசும் பகுதிக்குத்தான் அம்மா ரொம்பக் கவலைப்பட்டார். “என்னால அவனோட இங்கிலீஷ்ல பேச முடியாதே!”

தேவையில்லை. அந்தப் பகுதியில் பார்ப்பது முறை வைத்துப் பேசுவதை. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்து ஒன்றைப் பிடித்துப் பதில் சொல்வது, பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேட்பது. இதைத் தமிழிலேயே பழகலாம். ராத்திரி சாப்பிடும்போது அம்மா, “பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போடுறதா, மரம் நடுறதா?” என்று கேட்பார். பையன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒருவரே பேசக் கூடாது. முடிக்கும்போது எதிராளியிடம் கேள்வி கேட்டே முடிக்க வேண்டும்.

அதோடு மூன்று ஆங்கில வாக்கியங்களை மட்டும் கைவசம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இவை மனப்பாடமாக இருந்தால் தப்பில்லை, கருவிகள் மாதிரி. எதிராளியின் கருத்தைக் கேட்க, ‘வாட் டூ யூ திங்க்?’ ஒத்துக்கொண்டே வேறு கருத்துச் சொல்ல, ‘ஐ அக்ரீ, பட்...’ இதில் ‘ஐ ஆம் அக்ரீ’ என்று சொல்லிவிடக் கூடாது. கேள்வி புரியாவிட்டால், ‘சாரி, குட் யூ ரிபீட் தட்?’

மூன்றாவது வாக்கியத்தைப் பிள்ளைகள் சொல்லவே பயப்படுவார்கள். மறுபடி கேட்டால் மார்க் போய்விடும் என்று நினைப்பார்கள். புரியாமல் வேறு எதையோ பேசுவதுதான் தலைப்பை விட்டு விலகுவது. புரியவில்லை என்று பணிவாகக் கேட்பது உரையாடலின் ஒரு பகுதி.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் பேசும்போதும் பிள்ளைக்குத் திக்குகிறது என்றால், இது பயிற்சிக் குறை அல்ல. அவன் சொல்ல வரும் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். தேர்வுக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லி, அவனுக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள்.

புதன்கிழமை

தேர்வுக்கு முந்தின ராத்திரி எடுத்த கடைசிப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நிமிடம் 45 விநாடி. நீண்ட மௌனம் மூன்று. ஓரிரு ‘உ’ இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாட்டியை ஸ்டூலில் உட்கார வைத்த இடம் வந்தபோது அவன் குரல் மாறியது. ஒப்பிப்பவனுக்கு அப்படி மாறாது.

புதன்கிழமை சாயங்காலம் யூனிஃபார்மோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். வேறு தலைப்புதான் வந்ததாம். ‘மறக்க முடியாத ஒரு உதவி’. மாசுக் கட்டுரையை மட்டும் நம்பிப் போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இவன் அதே பாட்டியை, அதே கடைக்காரரை எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறான். ஆசிரியர் கேட்ட ஒரு கேள்வி புரியாமல், “சாரி, குட் யூ ரிபீட் தட்?” என்றும் கேட்டிருக்கிறான். “மிஸ் சிரிச்சுட்டு மெதுவா திரும்பக் கேட்டாங்க ஆன்ட்டி.” பின்னால் மதிப்பெண் வந்தது. ஐந்துக்கு நான்கு.

அன்று ராத்திரி அம்மா கீழே வந்தார், கையில் சந்தேக நோட்டு. பதினொரு சந்தேகம் எழுதியிருந்தார்கள். பள்ளி ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் பதில் எழுதியிருந்தார். ஒரு வரியை விரல் வைத்துக் காட்டினார். குடையைச் சொல்லும்போது முன்னால் ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா என்று அம்மாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை அது. அம்மா ‘ஆன் அம்ப்ரெல்லா’ என்றிருக்கிறார். மகன் ‘எ’தான் என்று அடம்பிடித்திருக்கிறான்.

பக்கத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘அம்மா சொன்னதுதான் சரி.’

“பத்தாவதுல படிச்சது டீச்சர்” என்றார் அவர். அந்த நோட்டை மூடவே மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.